திரும்பி வரும் செவ்வகம்

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பாடநூல் எழுதும் பணியில் இருக்கும் நண்பர்களே! பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற பெற்றோர் பலரும் ஒரு கேள்வி கேட்பார்கள். பின்னம் போன ஆண்டும் இருந்தது, இந்த ஆண்டும் இருக்கிறது, அடுத்த ஆண்டுப் புத்தகத்திலும் இருக்கிறதாம். ஒரே மூச்சில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டால் என்ன? எதற்கு இந்த இழுவை? இது நியாயமான கேள்வி. சுருள்முறைப் பாடத்திட்டம் என்று கல்வியாளர்கள் சொல்கிறார்களே, ஒரே கருத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகப் போவது, அந்த ஏற்பாட்டின் நியாயம் என்ன என்பதுதான் இன்று என் பேச்சின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வர வேண்டியது பாடத் தலைப்பு அல்ல. தலைப்புக்கு அடியில் ஓடுகிற கருத்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் இந்த முறைக்குக் கெட்ட பெயர் வந்தது என்பது என் கட்சி.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. தன் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் சரியில்லையோ என்ற பதற்றம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. 1959 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில் அறிவியலாளர்களும் அறிஞர்களும் கல்வியாளர்களுமாக சுமார் 35 பேர் கூடிப் பேசினார்கள். தலைமை தாங்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் புரூனர். அந்தக் கூட்டத்தின் சாரத்தை வைத்து 1960இல் அவர் எழுதிய சிறு நூலில்தான் இந்தச் சுருள்முறை பேர்பெற்றது. எந்தப் பாடத்தையும், எந்த வயதுக் குழந்தைக்கும், அறிவுக்கு நேர்மையான ஏதோ ஒரு வடிவத்தில் கற்பிக்க முடியும் என்பது அவருடைய கருதுகோள். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நுண்கணிதமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கருதுகோளில் கனமான சொல் ‘எந்தப் பாடத்தையும்’ என்பது அல்ல, ‘நேர்மையான’ என்பது. சின்னப் பிள்ளைக்காக எளிமைப்படுத்தலாம். பிறகு பொய்யாகிப் போகிறபடி எளிமைப்படுத்தக் கூடாது. அந்த நிபந்தனையை விட்டுவிட்டுப் பார்த்தால் மீதி எல்லாம் வெறும் உற்சாகப் பேச்சாகத்தான் தெரியும்.

நேர்மையான வடிவம் என்றால் என்ன? பெருக்கலை எடுத்துக்கொள்வோம். பெருக்கல் என்றால் திரும்பத் திரும்பக் கூட்டுவது. 3 × 4 என்றால் நான்கை மூன்று முறை கூட்டுவது. நாம் எல்லோரும் இப்படித்தான் படித்தோம். இரண்டாம் வகுப்புக்கு இது போதும், தப்பில்லை. ஆனால் இதையே பெருக்கலின் முழுப் பொருளாக நிறுத்திவிட்டால் ஆறாம் வகுப்பில் என்ன ஆகும்? மூன்றில் இரண்டு பங்கு பெருக்கல் நான்கில் மூன்று பங்கு என்று வரும்போது எதை எத்தனை முறை கூட்டுவது? மூன்றில் இரண்டு தடவை கூட்ட முடியுமா? பெருக்கினால் பெரிதாகும் என்று அதுவரை கற்ற பிள்ளைக்கு விடை சிறிதாக வரும்போது காலுக்குக் கீழே தரை நழுவுகிறது. எஃப்ராயிம் ஃபிஷ்பைன் என்ற இஸ்ரேலிய ஆய்வாளரும் அவருடைய இத்தாலிய நண்பர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பெருக்கும் எண் ஒன்றைவிடச் சிறிதாக இருந்தால், கணக்கில் வேறு மாற்றமே இல்லாவிட்டாலும், பெரிய வகுப்பு மாணவர்கள்கூடத் தடுமாறினார்கள். கிலோ 80 ரூபாய் என்றால் 3 கிலோவுக்குப் பெருக்குவார்கள்; அதே பொருள் 0.75 கிலோ என்றால் வகுக்கப் போவார்கள். விடை குறைய வேண்டும் என்று தெரிகிறது. பெருக்கினால் குறையாது என்று முதல் பாடம் சொல்லிவைத்திருக்கிறது. அது அவர்களுடைய அறிவுக்குறை அல்ல. முதல் சுற்றில் நாம் வைத்த வித்து.

இப்போது அதே பெருக்கலை வேறொரு வடிவத்தில் தொடங்கிப் பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புளியங்கொட்டை. அடுக்கி வைத்தால் ஒரு செவ்வகம். பக்கவாட்டில் எண்ணினாலும் பன்னிரண்டு, மேலிருந்து கீழாக எண்ணினாலும் பன்னிரண்டு. 3 × 4 உம் 4 × 3 உம் ஏன் சமம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டையைத் திருப்பினால் போதும். நான்காம் வகுப்பில் 23 × 14 வருகிறது. செவ்வகத்தின் ஒரு பக்கம் 20 உம் 3 உம், மறுபக்கம் 10 உம் 4 உம். உள்ளே நான்கு அறைகள்: 200, 80, 30, 12. கூட்டினால் 322. இருபதையும் பத்தையும் பெருக்கி, மூன்றையும் நான்கையும் பெருக்கிக் கூட்டிவிட்டு 212 என்று விடை எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளையிடம் தப்பு என்று சொல்வதை விட, படத்தில் எந்த இரண்டு அறைகளை விட்டுவிட்டாய் என்று கேட்பது மேல். 80 உம் 30 உம் விடுபட்டிருக்கின்றன, 110 குறைகிறது. பிள்ளை தன் தவறைத் தானே தொட்டுக் காட்டும்.

அதே செவ்வகம் ஆறு, ஏழாம் வகுப்பில் திரும்பி வருகிறது. இப்போது அது ஒன்றுக்கு ஒன்று என்ற சதுரம். ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கு எடு. மறுபக்கத்தை நான்காகப் பிரித்து மூன்று பங்கு எடு. சதுரத்துக்குள் பன்னிரண்டு கட்டங்கள், நிறம் பூசியவை ஆறு. விடை பாதி. மேலே மேலே பெருக்கு, கீழே கீழே பெருக்கு என்ற விதி எங்கிருந்து வந்தது என்று இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. மேலே பெருக்குவது நிறம் பூசிய கட்டங்களை எண்ணுவது. கீழே பெருக்குவது மொத்தக் கட்டங்களை எண்ணுவது. விடை ஏன் சிறிதானது? ஒன்றுக்குக் குறைவான பக்கங்களை எடுத்தால் சதுரத்துக்குள்ளேதான் அடங்க முடியும். இரண்டாம் வகுப்பில் கற்ற எதையும் அழித்துவிட்டு எழுத வேண்டியிருக்கவில்லை. இதைத்தான் நேர்மையான வடிவம் என்கிறேன்.

இன்னும் மேலே போவோமா? எட்டாம் வகுப்பில் (a + b)² வருகிறது. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, உலகம் முழுக்க மாணவர்கள் அதை a² + b² என்று எழுதுகிறார்கள். உற்றுப் பாருங்கள், 23 × 14க்கு 212 என்று எழுதிய அதே பிழைதான் இது, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. விடுபட்டவை அதே இரண்டு அறைகள். இப்போது அவற்றின் பெயர் ab, ab. ஆகவே (a + b)² = a² + 2ab + b² என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய புதுச் சூத்திரம் அல்ல, நான்காம் வகுப்பில் போட்ட படம். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்று ஆசிரியரைத் திணறடிக்கிற கேள்வி ஒன்று உண்டே, அதற்கும் இந்தச் செவ்வகம் வழி காட்டும். ஏழு ஆறு நாற்பத்திரண்டு. ஏழைப் பத்தில் மூன்று குறைவு என்றும், ஆறைப் பத்தில் நான்கு குறைவு என்றும் எழுதுங்கள். பத்துக்குப் பத்துச் சதுரம் 100. ஒரு பக்கம் வெட்டி 30 போகிறது, மறுபக்கம் வெட்டி 40 போகிறது. மீதி 30. ஆனால் விடை 42 அல்லவா? மூலையில் இருந்த பன்னிரண்டு கட்டங்களை இரண்டு முறை கழித்துவிட்டோம். ஒரு முறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குறை மூன்று பெருக்கல் குறை நான்கு, கூட்டல் பன்னிரண்டு. இது கணிதவியலாளர் கேட்கிற முழு நிரூபணம் ஆகாது, ஆனால் பொய்யும் அல்ல. அந்த வயதுக்கு அது போதும்.

பத்தாம் வகுப்புக்கு வந்தால் இருபடிச் சமன்பாடு. கிபி 820 வாக்கில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற கணக்கு: x² + 10x = 39. அவர் என்ன செய்தார்? படம்தான் போட்டார். x பக்கமுள்ள ஒரு சதுரம். 10x என்பதை ஐந்து அகலமுள்ள இரண்டு பட்டைகளாக வெட்டிச் சதுரத்தின் இரண்டு பக்கத்தில் ஒட்டினார். மூலையில் ஐந்துக்கு ஐந்து காலியிடம். அதை 25 கொண்டு நிரப்பினால் முழுச் சதுரம், 39 உம் 25 உம் 64, பக்கம் 8, ஆகவே x மூன்று. வர்க்கப் பூர்த்தி முறை என்று நாம் படிகளாக மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அதில் பாதியின் வர்க்கத்தைக் கூட்டு என்ற மர்மமான படி இருக்கிறதே, அது அந்தக் காலி மூலை. (அவர் குறை எண் விடையைக் கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்தின் நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது. இங்கே படத்தின் எல்லையும் தெரிகிறது. அந்த எல்லையைப் பத்தாம் வகுப்பு மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்.) பிறகு மேல்நிலை வகுப்பில் வகைநுண்கணிதம். இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடும் விதியிலும் இதே செவ்வகம் நிற்கிறது. 20 செ.மீ.க்கு 10 செ.மீ. செவ்வகத்தின் ஒவ்வொரு பக்கமும் 0.01 செ.மீ. வளர்ந்தால் இரண்டு மெல்லிய பட்டைகள் 0.2 உம் 0.1 உம் கூடுகின்றன. மூலைச் சதுரம் வெறும் 0.0001. வளர்ச்சி சிறுத்துக்கொண்டே போனால் மூலை பட்டைகளைவிட வேகமாக மறைகிறது, பட்டைகள் மட்டும் விதியில் மிஞ்சுகின்றன. பத்தாம் வகுப்பில் நிரப்பியே தீர வேண்டும் என்று அடித்துச் சொன்ன மூலையைப் பன்னிரண்டாம் வகுப்பில் எப்போது, ஏன் விடலாம் என்று கற்கிறார்கள். ஆழம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதெல்லாம் காகிதத்தில் அழகாக இருக்கிறது, குழந்தைகளிடம் செல்லுமா? புரூனர் சும்மா சொல்லிவிட்டு நிற்கவில்லை. கணிதக் கல்வியாளர் சோல்டான் டீன்ஸ் உருவாக்கிய மரத்துண்டுகளைக் கொண்டு எட்டு வயதுக் குழந்தைகள் நால்வரிடம் பார்த்தார். ஒரு பெரிய சதுரத் துண்டு; அதன் பக்க நீளம் என்னவென்று சொல்லவில்லை, x என்றே பெயர். அதே நீளமுள்ள பட்டைகள். ஒன்றுக்கு ஒன்று அளவுள்ள சிறு சதுரங்கள். பெரிய சதுரத்தைச் சுற்றி இன்னும் பெரிய சதுரம் கட்டு என்றார்கள். கட்டினார்கள். இரண்டு பட்டைக்கு ஒரு சிறு சதுரம், நான்கு பட்டைக்கு நான்கு, ஆறு பட்டைக்கு ஒன்பது. கட்டியதை எழுதியும் வைத்தார்கள். பட்டைகள் இரண்டிரண்டாக ஏறுகின்றன, மூலைச் சதுரங்கள் 1, 4, 9, 16 என்று ஏறுகின்றன என்று எழுத்தில் பார்த்துப் பிடித்தார்கள். கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியீட்டால் எழுதுவது என்று புரூனர் பிரித்துச் சொன்ன மூன்று நிலைகளும் இதில் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் நால்வர் மட்டுமே, கெட்டிக்காரக் குழந்தைகள், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பு அல்ல அது. இயலும் என்பதை அந்தச் சோதனை காட்டியது. எங்கும் தானாக நடக்கும் என்று காட்டவில்லை.

சரி, இதை ஏன் பல ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும்? ஒரே ஆண்டில் இந்தச் செவ்வகத்தை முழுக்கச் சொல்லி முடிக்கலாமே? இதற்கு இரண்டு பதில்கள். முதல் பதில் எளிது: பின்னம் தெரியாத பிள்ளைக்குப் பின்னச் செவ்வகத்தைக் காட்ட முடியாது, எல்லை என்ற எண்ணம் வராதவருக்கு மறையும் மூலையைக் காட்ட முடியாது. ஒரு கருத்து ஆழமாவதற்குத் துணையாக வேறு கருத்துகள் வந்து சேர வேண்டும், அவை வரக் காலம் ஆகும். இரண்டாவது பதில் மறதியைப் பற்றியது. ஹாரி பாரிக், லிண்டா ஹால் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளியில் இயற்கணிதம் படித்து ஐம்பது ஆண்டுகள் வரை கடந்துவிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். யாருக்கு நினைவில் நின்றது? பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு என்றுதானே நினைப்போம்? மதிப்பெண் அவ்வளவு பொருட்டாக இல்லை. கல்லூரியில் நுண்கணிதத்துக்கு மேலும் போனவர்கள் அரை நூற்றாண்டு கழித்தும் பள்ளி இயற்கணிதத்தை ஏறத்தாழ இழக்காமல் இருந்தார்கள். பள்ளியோடு கணிதத்தை நிறுத்தியவர்கள், அன்று அதே அளவு நன்றாகச் செய்திருந்தாலும், குருட்டாம்போக்கில் அடிக்கிற விடைக்கு அருகில் வந்துவிட்டார்கள். கவனியுங்கள், மேலே போனவர்கள் இயற்கணிதத்தை மறுபடி படிக்கவில்லை. வேறொன்றைப் படிப்பதற்காக அதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். மறுபடி ஓதுவதற்கும் மறுபடி பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே இருக்கிறது.

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம், அது வலுவானது. சுருள்முறையை நம்பிய அமெரிக்காவே அதில் அடிபட்டது. 1987இல் ஜேம்ஸ் ஃபிளாண்டர்ஸ் என்பவர் அங்கே புழக்கத்தில் இருந்த கணக்குப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் புதிய செய்தி உள்ள பக்கம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் பழையது. 1995இல் நடந்த பன்னாட்டுக் கணித அறிவியல் ஒப்பீட்டை வைத்து வில்லியம் ஷ்மிட் குழுவினர் பாடத்திட்டங்களையும் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூர், ஜப்பான் போன்ற முன்னணி நாடுகளில் ஒரு தலைப்பு வரும், சில ஆண்டுகள் தங்கும், முடிந்து வெளியேறும். அமெரிக்காவில் வந்த தலைப்பு போகவே போகாது; முதல் வகுப்பில் வந்தது எட்டிலும் இருக்கும், ஆண்டுக்கு ஒரு வாரம் தலைகாட்டும். ஆகவே சுருள்முறை தோற்றுவிட்டது என்பது வாதம். என் பதில்: அங்கே சுற்றியது தலைப்பு. கருத்து சுற்றவே இல்லை. நான் சொன்ன செவ்வகத்தை மறுபடி பாருங்கள். இரண்டிலக்கப் பெருக்கல் தொடக்கப் பள்ளியோடு முடிகிறது. பின்னப் பெருக்கல் ஏழோடு முடிகிறது. எந்தத் தலைப்பும் தேவைக்கு மேல் தங்கவில்லை. அதுவும் சிங்கப்பூர் இந்த விவாதத்தில் சாட்சியாக நிற்பது வேடிக்கை. பொருள், படம், குறியீடு என்ற வரிசையை, அதாவது புரூனரின் மூன்று நிலைகளையே, 1980கள் முதல் தன் கணித வகுப்புகளில் கையாண்ட நாடு அது. தலைப்புகளைச் சுருக்கிக்கொண்டு கருத்தைச் சுற்றவிட்டார்கள்.

எதிர்வாதத்தில் இன்னொரு பாதி இருக்கிறது, அதை என்னால் மறுக்க முடியாது. அடுத்த ஆண்டு மறுபடி வரத்தானே போகிறது என்ற எண்ணம் ஆசிரியருக்கு வந்துவிட்டால், பிடிபடாத பிள்ளையை அப்படியே மேலே அனுப்பிவிடத் தோன்றும். ஒவ்வோர் ஆசிரியரும் அப்படி நினைத்தால் எட்டு ஆண்டு சுற்றியும் பிள்ளை முதல் சுற்றிலேயே நிற்கும். சுருள்முறை நாசமாவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாசல் வேண்டும். இந்தச் சுற்றில் இதைச் செய்ய முடிந்தால்தான் அடுத்ததற்குள் போகலாம் என்ற குறைந்தபட்ச எதிர்பார்ப்பு வேண்டும். அது எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்பது அல்ல. இரண்டிலக்கப் பெருக்கலில் நான்கு அறைகளையும் வரைந்து எது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்தால் போதும். வேகம் பிறகு வரும்.

நம் ஊரில் இந்த வாசலைக் காப்பது இன்னும் கடினம். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர், ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர், பதினொன்றும் பன்னிரண்டும் முதுகலை ஆசிரியர். பல பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமே மாறுகிறது. என் செவ்வகம் மூன்று கை மாற வேண்டும். நான்காம் வகுப்பில் என்ன படம் வரைந்தார்கள் என்று எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது. அவர் (a + b)²ஐப் புதுச் சூத்திரமாகக் கரும்பலகையில் எழுதுகிறார், பிள்ளைகளும் புதுச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். பாடத்திட்டத்தில் சுருள் இருக்கிறது, வகுப்பறையில் இல்லை. எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மேசையில் வைத்திருந்தால் இதில் பாதி தீரும். பாடநூல் எழுதுபவர்கள் அந்தப் பழைய படத்தையே, அதே அறைகளோடு, எண்ணுக்குப் பதில் எழுத்துப் போட்டு அச்சிட்டால் இன்னும் கொஞ்சம் தீரும்.

ஆசிரியர்கள் நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். முற்றொருமைப் பாடம் தொடங்கும் நாளில் சூத்திரத்தை எழுதாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் இரண்டே கேள்விகள் கொடுங்கள். 20 × 20 உம் 3 × 3 உம் கூட்டினால் 409. ஆனால் 23 × 23 என்பது 529. மீதி 120 எங்கே இருக்கிறது, படம் வரைந்து காட்டு. அடுத்து, அரை மீட்டர் பக்கமுள்ள சதுரத் துணியின் பரப்பு அரைச் சதுர மீட்டரா, அதைவிடக் குறைவா, ஏன்? முதல் கேள்விக்கு வகுப்பில் பெரும்பாலோர் இரண்டு பட்டைகளை வரைந்துவிட்டால் அன்றே எழுத்துக்குப் போய்விடலாம், பாடம் பாதி முடிந்த மாதிரி. வரைய முடியாவிட்டால் இரண்டு பாடவேளை கட்டம் போட்ட தாளோடு நான்காம் வகுப்புக்கே திரும்பிப் போங்கள். அந்த இரண்டு பாடவேளை பத்தாம் வகுப்பில் வர்க்கப் பூர்த்தி வரும்போது திரும்பக் கிடைக்கும். இரண்டாவது கேள்வியில் அரை என்று எழுதியவர்களின் தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது பின்னச் செவ்வகம், a உம் b உம் அல்ல.